அம்மாவின் சேமநிதியும் செயலியில் ஒரு பொத்தானும்

பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் வானொலி நிலையத்துக்கு வரும் அழைப்புகளில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். "இந்தியாவுக்குப் போறோம். பேங்க் கார்டை வெளிநாட்டுக்குத் தொறந்து வைக்கணும்னு சொல்றாங்களே, எப்படிங்க?" ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். வங்கிச் செயலியில் அட்டைகள் பக்கத்துக்குப் போய், Overseas என்ற சொல் இருக்கும் பொத்தானைத் தள்ளினால் திறந்துவிடும். ஆனால் அந்தப் பொத்தானை எந்தக் கணக்கின் கார்டில் தள்ளுகிறோம் என்ற கேள்வி அதைவிடப் பெரியது. இந்த ஆண்டு அம்மாவைத் தஞ்சாவூருக்கு அனுப்பி வைத்தபோது வீட்டில் நாங்கள் அதிகம் பேசியது அதைப் பற்றித்தான்.

அம்மா ஷா ஆலாம் தொழிற்சாலை ஒன்றில் 22 ஆண்டுகள் வேலை செய்தவர். அறுபது வயதானதும் ஊழியர் சேமநிதியை எடுத்துத் தம் சேமிப்புக் கணக்கில் போட்டார். அதில் 48,000 வெள்ளி இருக்கிறது. அவருடைய ஒரே டெபிட் கார்டு அந்தக் கணக்கோடு இணைந்தது. பெரியம்மாவோடு 11 நாள் கோயில் பயணம் என்று முடிவானதும் அம்மா சொன்னது இதுதான்: "ஏன்மா, அந்தக் கார்டையே தொறந்து விட்டுடேன். அதுலதான காசு இருக்கு."

அதில்தான் காசு இருக்கிறது என்பதே அதைத் திறக்கக் கூடாது என்பதற்கும் காரணம். இதை அம்மாவுக்கு விளக்க, அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

பொத்தானைத் தள்ளும்போது நம் கையில் இருக்கும் கார்டில் எதுவும் மாறுவதில்லை. மாற்றம் வங்கியின் கணினியில் நடக்கிறது. தஞ்சாவூரில் ஒரு கடையில் கார்டைச் செருகினால், அந்தக் கடையின் வங்கி விசா அல்லது மாஸ்டர்கார்டு வழியாக மலேசியாவில் இருக்கும் நம் வங்கியிடம் அனுமதி கேட்கிறது. அந்தக் கேள்வியோடு தொகையும், கடை எந்த நாட்டில் இருக்கிறது என்ற குறிப்பும் சேர்ந்து வருகின்றன. நம் வங்கியின் கணினி, இந்தக் கார்டுக்கு வெளிநாட்டு அனுமதி இருக்கிறதா, கணக்கில் பணம் இருக்கிறதா, அன்றைய வரம்புக்குள் வருகிறதா என்று பார்த்துச் சில விநாடிகளில் ஆம் அல்லது இல்லை என்று பதில் அனுப்புகிறது. பொத்தான் அணைந்திருந்தால், கணக்கில் எத்தனை ஆயிரம் இருந்தாலும் பதில் இல்லை என்றுதான் வரும்.

மலேசியாவில் டெபிட் கார்டுகளுக்கு இந்த அனுமதி தொடக்கத்தில் மூடியே இருக்கும். வாடிக்கையாளர் தாமாகக் கேட்டுத் திறந்தால் தவிர, வெளிநாட்டுப் பயன்பாட்டைத் தரக் கூடாது என்பது பேங்க் நெகாராவின் விதி. டெபிட் கார்டில் போவது நம் சொந்தப் பணம்; போன அந்த நிமிடமே கணக்கில் குறைந்துவிடும். கிரெடிட் கார்டில் முதலில் போவது வங்கியின் பணம். பில் வந்த பிறகு தகராறு செய்ய நமக்கு அவகாசம் இருக்கிறது. கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு முதலிலிருந்தே திறந்திருப்பதும் உண்டு, மூடியிருப்பதும் உண்டு. அது வங்கிக்கு வங்கி மாறும். செயலியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"அப்போ நான் கார்டே கொண்டு போகலை. காசாவே கொண்டு போறேன்," என்றார் அம்மா. 11 நாளுக்கு வேண்டிய மொத்தத்தையும் இரண்டு முதிய பெண்கள் கைப்பையில் சுமந்துகொண்டு கோயில் கோயிலாகப் போவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே நேரம், ரொக்கமே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் பூக்காரம்மாவும் ஆட்டோக்காரரும் கைப்பேசியில் கியூஆர் வைத்துப் பணம் வாங்குகிறார்கள். அது அவர்கள் நாட்டு யுபிஐ முறை. நம் ஊர் டெபிட் கார்டை அதில் நீட்ட முடியாது. அங்கே ரொக்கம்தான். கார்டு உதவுவது ஏடிஎம்மில், ஜவுளிக் கடையில், தங்கும் விடுதியில், மருந்துக் கடையில்.

ஆகவே நாங்கள் செய்தது இது. சேமநிதி இருக்கும் கணக்கின் கார்டை மூடியபடியே வீட்டு அலமாரியில் வைத்துவிட்டோம். அம்மா பெயரில் வேறொரு வங்கியில் புதிதாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து, அதில் 3,500 வெள்ளி போட்டோம். விமானச் சீட்டுக்கும் விடுதி அறைக்கும் இங்கேயே பணம் கட்டியாகிவிட்டது. அந்தப் புதிய கார்டு தொலைந்தாலும், யாராவது அதன் விவரத்தைத் திருடினாலும், போகக்கூடியது அதிகபட்சம் 3,500 வெள்ளி. பணம் குறைந்தால் நான் இங்கிருந்து டுயிட்நவ்வில் அனுப்பிவிடலாம்; சில விநாடிகளில் சேர்ந்துவிடும். வெளிநாட்டுக்குப் போகும் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்றால், அது இந்தத் தனிக் கணக்குதான். மற்ற அமைப்புகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

புதிய கணக்கு திறக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டு டெபிட் கார்டுகளில் மைடெபிட் என்ற சின்னம் இருக்கும். அது மலேசியாவுக்குள் ஓடும் வலைப்பின்னல். கார்டில் அதோடு விசா அல்லது மாஸ்டர்கார்டு சின்னமும் இருந்தால்தான் வெளிநாட்டுக் கடையில் ஓடும். மைடெபிட் மட்டும் உள்ள அடிப்படைக் கார்டை வாங்கிவிட்டு எந்தப் பொத்தானைத் தள்ளினாலும் பயனில்லை. கார்டு கைக்கு வந்ததும் இங்கேயே ஓர் ஏடிஎம்மில் ரகசிய எண்ணைப் போட்டுக் கொஞ்சம் பணம் எடுத்தோம், ஒரு மளிகைக் கடையில் செருகிப் பார்த்தோம். சிப்பும் எண்ணும் வேலை செய்கின்றன என்பது உறுதியானது.

அடுத்து செயலி. 'வெளிநாடு' என்பது ஒரே கதவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மூன்று. கடையில் செருகியோ தொட்டோ பணம் செலுத்துவது ஒன்று. ஏடிஎம்மில் ரொக்கம் எடுப்பது இன்னொன்று. கார்டு நேரில் இல்லாமல் எண்ணை மட்டும் தட்டி இணையத்தில் வாங்குவது மூன்றாவது. சில வங்கிகளில் முதல் இரண்டும் ஒரே பொத்தான், சிலவற்றில் தனித்தனி. மூன்றாவதுக்குப் பெரும்பாலும் Online அல்லது Card-Not-Present என்ற பெயரில் வேறொரு பொத்தான் இருக்கும். அம்மா தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு இணையத்தில் எதுவும் வாங்கப் போவதில்லை. அதனால் மூன்றாவது கதவை மூடியே விட்டோம். கார்டு எண் திருடப்பட்டால் முதலில் தட்டப்படுவது அந்தக் கதவைத்தான். விவரத்தைத் திருடியவனுக்குக் கார்டே தேவையில்லை.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. வெளிநாடு என்பது நாம் எங்கே இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று தோன்றும். வங்கிக் கணினி பார்ப்பது வணிகர் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறார் என்பதை. கிள்ளானில் வீட்டில் இருந்தபடி இந்திய ரயில் சீட்டு வாங்கினால் அது வெளிநாட்டுப் பரிவர்த்தனை. சென்னையில் இருந்துகொண்டு மலேசிய இணையக் கடையில் பேரனுக்குப் பொம்மை வாங்கினால் அது உள்நாட்டுப் பரிவர்த்தனை. ஊர் திரும்பிய பிறகு வெளிநாட்டு அனுமதியை மூடும் இளையவர்கள் சிலருக்கு, மாதச் சந்தாவில் பார்க்கும் படச் சேவை திடீரென நின்றுபோவது இதனால்தான். அந்த நிறுவனம் வேறு நாட்டில் இருந்து பணம் எடுத்துக்கொண்டிருக்கும்.

செயலியில் திறந்தபோது தேதி கேட்டது. புறப்படும் நாளைத் தொடக்கமாகவும், திரும்பி வரும் நாளை முடிவாகவும் போட்டோம். விமானம் தாமதமானால் உதவட்டும் என்று ஒரு நாள் கூட்டினோம். முடிவுத் தேதி வந்ததும் அது தானாக மூடிக்கொள்ளும். தேதி கேட்காமல் வெறும் திற, மூடு என்று மட்டும் இருக்கும் வங்கிகளும் உண்டு. அப்படியானால் திரும்பி வந்ததும் நாம்தான் மூட வேண்டும். கைப்பேசியில் நினைவூட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு வரம்பு. இங்குதான் அம்மா கறாராக இருந்தார். கடைச் செலவுக்கு ஒரு நாளைக்கு 1,500 வெள்ளி வைக்கலாமா என்று கேட்டேன். "ஆயிரம் போதும். அதுக்கு மேல நான் ஒரு நாள்ல என்னத்த வாங்கப் போறேன்?" என்றார். அது அவருடைய பணம், அவருடைய முடிவு. 1,000 என்று போட்டார். ஏடிஎம்முக்கு 600. அதற்கு ஒரு கணக்கு இருந்தது. ஒரு வெள்ளிக்கு ஏறக்குறைய 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். தமிழ்நாட்டில் பல ஏடிஎம்களில் ஒரு முறைக்கு 10,000 ரூபாய்தான் எடுக்க முடியும். அது 500 வெள்ளி. மாற்று விகிதம் சற்று ஏறினாலும் இடிக்காமல் இருக்க 600. ஒவ்வொரு முறை வெளிநாட்டு ஏடிஎம்மில் எடுக்கும்போதும் எங்கள் வங்கி 12 வெள்ளி கட்டணம் பிடிக்கிறது. ஆயிரம் ஆயிரம் ரூபாயாகப் பத்து முறை எடுத்தால் கட்டணமே 120 வெள்ளி ஆகிவிடும். எடுத்தால் 10,000 என்று எடுப்பதே சிக்கனம்.

தொட்டுச் செலுத்தும் வசதியையும் அம்மாவின் கார்டில் அணைத்துவிட்டோம். நம் நாட்டில் 250 வெள்ளி வரை ரகசிய எண் இல்லாமல் தொட்டால் போதும். இந்தியாவில் 2021 ஜனவரி முதல் இந்த எல்லை 5,000 ரூபாய். எங்கள் கணக்குப்படி அதுவும் அதே 250 வெள்ளிதான். கூட்டமான இடத்தில் கார்டு பையிலிருந்து விழுந்தால், எடுத்தவர் ரகசிய எண் தெரியாமலேயே சில கடைகளில் தொட்டுவிட முடியும். அணைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் செருகி எண்ணைப் போட்டே ஆக வேண்டும். அவசரமாக ரயில் பிடிக்கும் இளையவர்களுக்கு இது தொல்லை. கோயிலுக்குப் போகும் அம்மாவுக்குத் தொல்லை இல்லை.

இவற்றையெல்லாம் புறப்படுவதற்கு முதல் நாள் இரவு செய்யாமல் நான்கு நாள் முன்பே செய்ததற்குக் காரணம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா அறிவித்த மோசடித் தடுப்பு நடவடிக்கைகளில் இரண்டு, பயணிகளை நேரடியாகத் தொடுகின்றன. ஒன்று, இணைய வங்கிப் பரிவர்த்தனையை உறுதிப்படுத்த ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு கைப்பேசிதான். இரண்டாவது, புதிய கைப்பேசியில் வங்கிச் செயலியைப் பதிந்தால் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதுவரை பரிவர்த்தனை ஓடாது. நம் கணக்கை வேறொருவன் தன் கைப்பேசியில் பதிந்துகொண்டால் நாம் கண்டுபிடிக்க அவகாசம் கிடைக்கட்டும் என்பதற்காக வைத்த தடை அது. வரம்பை உயர்த்தும்போதும் இப்படிக் காக்க வைக்கும் வங்கிகள் உண்டு. பயணத்துக்கென்று புதுக் கைப்பேசி வாங்கி, விமான நிலையத்தில் உட்கார்ந்து செயலியைப் பதிபவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். அம்மாவுக்குப் புதுக் கைப்பேசி வாங்கித் தருவதாகத் தம்பி சொன்னான். திரும்பி வந்த பிறகு வாங்கிக் கொடு என்று சொல்லிவிட்டோம்.

அம்மாவின் மலேசிய சிம்மையும் கழற்ற விடவில்லை. வங்கி அனுப்பும் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும். முன்பணச் சிம் என்பதால் ரோமிங் திறந்திருக்கிறதா என்று இங்கேயே பார்த்துக்கொண்டோம். அங்கே போன பிறகு திறக்கப் போராட வேண்டாம். அதே நேரம் அம்மாவுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொன்னேன். கடையில் கார்டைச் செருகி ரகசிய எண் போடுவதற்குக் கைப்பேசியோ இணையமோ தேவையில்லை. கைப்பேசி செத்துக் கிடந்தாலும் கார்டு ஓடும். இணையம் வேண்டியது செயலியில் அமைப்பை மாற்றவும், கார்டை முடக்கவும்தான். அதற்கு விடுதியின் வைஃபை போதும்.

முடக்குவதிலும் இரண்டு வகை உண்டு. கார்டைக் காணவில்லை என்றால் கார்டை மட்டும் தற்காலிகமாக முடக்கும் பொத்தான் இருக்கிறது. பிறகு பையின் அடியில் கிடைத்துவிட்டால் அதே பொத்தானில் திறந்துகொள்ளலாம். Kill Switch என்பது வேறு. யாரோ நம் இணைய வங்கிக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று தெரிந்தால் பயன்படுத்துவது. அதை அழுத்தினால் இணைய வங்கியே பூட்டிக்கொள்ளும். திரும்பத் திறக்க வங்கியை அழைக்கவோ கிளைக்குப் போகவோ வேண்டியிருக்கும். தஞ்சாவூரில் நம் வங்கியின் கிளை கிடையாது. கார்டு காணாததற்கெல்லாம் அதை அழுத்த வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்தேன்.

அம்மாவிடம் ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. எதையும் தம் கையெழுத்தில் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். அதில் வங்கியின் தொலைபேசி எண்ணை எழுதச் சொன்னேன். கார்டின் பின்புறம் 1-300 அல்லது 1-800 என்று தொடங்கும் எண் இருந்தால் அது மலேசியாவுக்குள் அழைக்கத்தான். வெளிநாட்டிலிருந்து அழைக்க +603 என்று தொடங்கும் எண் வேண்டும். அதைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால், கைப்பேசியும் கார்டும் ஒரே பையில் தொலையும்போது எண்ணும் தொலைந்துவிடும். குறிப்புப் புத்தகம் பெரியம்மாவின் பையில் போனது. ரகசிய எண்ணை மட்டும் அதில் எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

அதே பக்கத்தில் அம்மா நான்கு எண்களையும் எழுதிக்கொண்டார். கார்டு மறுக்கப்பட்டால் சில இயந்திரங்களின் திரையிலோ துண்டுச் சீட்டிலோ இரண்டு இலக்க எண் ஒன்று வரும். உலகம் முழுவதும் பொதுவான எண்கள் அவை. 51 என்றால் கணக்கில் பணம் போதவில்லை. 55 என்றால் ரகசிய எண் தவறு. மீண்டும் மீண்டும் தவறாகப் போட்டால் கார்டு பூட்டிக்கொள்ளும் என்பதால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். 57 என்றால் இந்தக் கார்டுக்கு இந்த வகைப் பரிவர்த்தனைக்கு அனுமதி இல்லை. வெளிநாட்டுப் பொத்தானைப் போய்ப் பார்க்க வேண்டும். 61 என்றால் வரம்பைத் தாண்டிவிட்டது. எல்லா இயந்திரமும் இதைக் காட்டாது. காரணம் சொல்லாமல் 05 என்று மட்டும் மறுப்பதும் உண்டு. ஆனால் எண் வந்துவிட்டால், கடைக்காரர் முன்னால் முகம் சிவந்து நிற்பதற்குப் பதில் என்ன செய்வதென்று தெரிந்துவிடும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். விடுதியில் அறைப் பணம் ஏற்கெனவே கட்டியிருந்தும், போனதும் 5,000 ரூபாய் பிடிப்புத் தொகைக்குக் கார்டு கேட்டார்கள். பெட்ரோல் நிலையத்தில் பம்ப்பிலேயே கார்டைச் செருகினால் 200 வெள்ளியை முதலில் நிறுத்தி வைக்கிறார்களே, அதே வழக்கம்தான். கிரெடிட் கார்டில் இப்படி நிறுத்தினால் கடன் வரம்பில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். டெபிட் கார்டில் நம் கைக்காசு சில நாள்களுக்கு அசையாமல் நிற்கும். கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள் விடுதிக்கு அதையே நீட்டுவது நல்லது. அம்மாவிடம் அது இல்லை. 250 வெள்ளி நிற்கும் என்று கணக்கில் முன்பே ஒதுக்கியிருந்ததால் அவர் பதறவில்லை.

ஐந்தாம் நாள் அக்காள் மகள் கல்யாணத்துக்கென்று ஒரு பட்டுச் சேலை பார்த்திருக்கிறார்கள். 22,000 ரூபாய். கார்டைச் செருகி எண்ணைப் போட்டதும் இயந்திரம் மறுத்துவிட்டது. கடைக்காரர், "கார்டு வெளிநாட்டு கார்டும்மா, ஓடாது," என்றிருக்கிறார். அம்மா துண்டுச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். 61. பெரியம்மாவின் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து ஒப்பிட்டார். 22,000 ரூபாய் என்றால் 1,100 வெள்ளி, வரம்பு 1,000. செயலியைத் திறந்து வரம்பை உயர்த்தலாம். ஆனால் கடையில் வைஃபை இல்லை. அம்மா அங்கேயே கணக்குப் போட்டு, "கார்டுல பதினெட்டாயிரம் போடுங்க. மிச்சம் நாலாயிரம் நான் கையில தர்றேன்," என்றிருக்கிறார். 18,000 ரூபாய் 900 வெள்ளி. இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

அதற்கு முன் இயந்திரம் இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறது: தொகையை MYR என்று போடவா, INR என்று போடவா? நம் பணத்திலேயே தொகை தெரிவதால் MYR வசதியாகத் தோன்றும். ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தை அந்தக் கடையின் பக்கம் முடிவு செய்கிறது. அதில் அவர்களுடைய லாபமும் சேர்ந்திருக்கும். INR என்று சொன்னால் விசாவோ மாஸ்டர்கார்டோ தன் விகிதத்தில் மாற்றும், நம் வங்கி அதன்மேல் ஒரு சிறு கட்டணம் சேர்க்கும். எங்கள் வங்கியில் அது 1 விழுக்காடு. ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரலாம். எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டுப் பணத்தைச் சொல்வதுதான் பெரும்பாலும் மலிவு. அம்மா INR என்றே சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்ததும் இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். ஏடிஎம்மில் மூன்று முறை எடுத்தது 1,500 வெள்ளி, அதற்குக் கட்டணம் 36. சேலைக்குக் கார்டில் 900. மாற்றுக் கட்டணம் 24. விடுதி நிறுத்தி வைத்த 250 வெள்ளி அப்போதும் திரும்பியிருக்கவில்லை. அதைச் சேர்க்காமல் கணக்கில் 790 வெள்ளி மிச்சம். நாங்கள் போட்ட மாற்று விகிதத்துக்கும் உண்மையில் கிடைத்ததற்கும் இருந்த வேறுபாடு சில வெள்ளிகள்தான்.

முடிவுத் தேதி வந்ததும் வெளிநாட்டுப் பொத்தான் தானாக அணைந்திருக்கிறதா என்று செயலியில் பார்த்தோம். அணைந்திருந்தது. "அப்போ அந்த எரநூத்தம்பது திரும்பி வராதா?" என்று அம்மா கேட்டார். பொத்தான் தடுப்பது புதிதாக வரும் அனுமதிக் கேள்விகளைத்தான். விடுதி தன் பிடிப்பை விடுவிப்பதையோ, கடை ஒன்று பணத்தைத் திருப்பித் தருவதையோ அது தடுக்காது. அதே காரணத்தால், அனுமதி வாங்கி முடித்த ஒரு செலவு இரண்டு நாள் கழித்துக் கணக்கில் பதிவாவதையும் அது தடுக்காது. அதனால்தான் ஊர் திரும்பிய பிறகும் இரண்டு வாரம் கணக்கறிக்கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். நமக்குத் தெரியாத தொகை ஒன்று வந்தால், அது 5 வெள்ளியாக இருந்தாலும் கேட்க வேண்டும். கார்டு ஓடுகிறதா என்று பார்க்கத் திருடர்கள் முதலில் சின்னத் தொகைதான் எடுத்துப் பார்ப்பார்கள்.

ஆறாம் நாள் 250 வெள்ளி திரும்பியது. அம்மா அந்தக் கணக்கை மூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாதம் 100 வெள்ளி அதில் போடுகிறார். அடுத்த ஆண்டு மதுரையும் ராமேஸ்வரமும் போவதாகப் பேச்சு. வரம்பை 1,200 ஆக வைக்கப் போகிறாராம்.